7.5 செ.மீ என்று விடை வந்தால்: லென்சு கணக்கில் குறியைச் சரிபார்ப்பது எப்படி?

மாலையில் வீட்டுக்கு டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். குவிலென்சு ஒன்றின் குவியத் தொலைவு 20 செ.மீ. அதற்கு முன்னால் 12 செ.மீ தொலைவில் ஒரு பொருள். பிம்பம் எங்கே விழும், எத்தனை மடங்கு பெரிதாக இருக்கும்?

நான்கு நோட்டு, நான்கு விடை. முதல் நோட்டில் பிம்பத் தொலைவு 7.5 செ.மீ, உருப்பெருக்கம் 0.625. இரண்டாவதில் +30 செ.மீ, 2.5 மடங்கு. மூன்றாவதில் −30 செ.மீ, −2.5 மடங்கு. நான்காவதில் −30 செ.மீ, +2.5 மடங்கு.

"சார், எது சரி?" என்று கேட்டார்கள். விடைக்குறிப்பைப் பார்க்காமல் நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இந்தக் கட்டுரை. பத்தாம் வகுப்பில் லென்சுக் கணக்கை முதல்முறை தொடுகிறவர்களையும், பிளஸ் டூவில் அதே குழப்பத்தோடு திரும்பி வருகிறவர்களையும் நினைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: எந்த மரபு, எந்தச் சமன்பாடு

நம் பாடப்புத்தகங்களில் இருப்பது கார்ட்டீசியன் குறியீட்டு மரபு. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வெறும் எண்கோடுதான். லென்சின் ஒளியியல் மையம் பூஜ்ஜியம். ஒளி இடமிருந்து வலமாகப் போகிறது. மையத்துக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் பிளஸ், இடப்பக்கம் இருப்பதெல்லாம் மைனஸ். அச்சுக்கு மேலே உயரம் பிளஸ், கீழே மைனஸ். இதற்கு மேல் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

பொருளை இடப்பக்கம் வைத்துத்தான் படம் வரைகிறோம். ஆகவே அதன் தொலைவு `u` மைனஸ். குவிலென்சு, இணையாக வரும் கதிர்களை வலப்பக்கத்தில் ஒரு புள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அதன் குவியத் தொலைவு `f` பிளஸ். குழிலென்சில் இணைகதிர்கள் விரிந்து போய், இடப்பக்கப் புள்ளி ஒன்றிலிருந்து வருவதுபோல் தோன்றுவதால் அதன் `f` மைனஸ். பிம்பத் தொலைவு `v`-க்கு மட்டும் நாம் குறி போடக் கூடாது. அதைக் கணக்கே சொல்ல வேண்டும்.

இந்த மரபுக்கு உரிய சமன்பாடுகள் இவை, `m` என்பது உருப்பெருக்கம்:

```
1/f = 1/v − 1/u
m = v/u
```

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். சமன்பாட்டில் இருக்கும் கழித்தல் குறி வேறு, `u` என்ற எண்ணுக்குள் இருக்கும் மைனஸ் வேறு. "ஏற்கெனவே ஒரு மைனஸ் இருக்கிறதே" என்று நினைத்து `u`-க்கு 12 என்றே போட்டுவிட்டால், போட வேண்டிய ஒரு மைனஸ் தொலைந்துபோகிறது. முதல் நோட்டில் நடந்தது அதுதான்.

குழப்பத்துக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆய்வகத்தில் குவிலென்சின் குவியத் தொலைவைக் காணும்போது `f = uv/(u + v)` என்ற சூத்திரத்தில் அளவுகோலில் அளந்த எண்களை அப்படியே போடச் சொல்கிறோம். அங்கே மைனஸே இல்லை. காரணம், மெய்ப்பிம்பம் திரையில் விழும் நிலைக்காகவே குறிகளை முன்கூட்டியே உள்ளே கரைத்து எழுதிய சூத்திரம் அது. வெளிநாட்டுப் புத்தகங்கள் சிலவற்றில் `1/u + 1/v = 1/f` என்று பார்க்கலாம். அது மெய்யானதெல்லாம் பிளஸ், மாயமானதெல்லாம் மைனஸ் என்னும் இன்னொரு மரபு. அதுவும் சரியான மரபுதான். ஆனால் அதன் சமன்பாட்டில் நம் மரபின் −12-ஐக் கொண்டுபோய்ப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். சமன்பாட்டையும் குறியையும் ஒரே வீட்டிலிருந்து எடுங்கள். விடைத்தாளின் தலையில் எந்த மரபு என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

கணக்குப் போடும் முன்பே விடையின் முகத்தைப் பாருங்கள்

பேனாவை எடுக்கும் முன் இரண்டே கேள்வி. பொருள், குவியத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால், இரு மடங்கு குவியத் தொலைவுக்கு இப்பாலா, அப்பாலா?

குவிலென்சில் பொருள் குவியத்துக்கு உள்ளே இருந்தால் பிம்பம் பொருள் இருக்கும் பக்கமே, நேராக, பெரிதாக, மாயமாக இருக்கும். வெளியே இருந்தால் மறுபக்கம், தலைகீழாக, மெய்யாக. அதிலும் இரு மடங்குக்கு இப்பால் இருந்தால் பெரிது, அப்பால் இருந்தால் சிறிது, சரியாக அந்தப் புள்ளியிலேயே இருந்தால் அதே அளவு. குழிலென்சுக்கு இந்தக் கேள்விகளே தேவையில்லை. உண்மையான பொருள் எங்கே இருந்தாலும் பிம்பம் அதே பக்கம், நேராக, சிறிதாக, லென்சுக்கும் குவியத்துக்கும் நடுவில்.

இதை நம்பச் சிரமமாக இருந்தால் வீட்டில் பூதக்கண்ணாடி இருக்கிறதா பாருங்கள். செய்தித்தாளின் மேல் படிய வைத்து மெல்ல மேலே தூக்குங்கள். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து நேராகவே பெரிதாகிக்கொண்டு போகும். ஓர் உயரத்தில் எல்லாம் கலங்கி ஒன்றும் தெரியாமல் போகும். அதையும் தாண்டித் தூக்கினால் எழுத்து தலைகீழாகத் தெளியும். கண்ணும் இதில் பங்கு வகிப்பதால் கலங்கும் இடம் அச்சு அசலாகக் குவியமாக இருக்காது. ஆனால் நேராக இருந்தது எப்படித் தலைகீழாகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

நம் கணக்கில் குவியத் தொலைவு 20, பொருள் 12-இல். உள்ளேதான் இருக்கிறது. ஆகவே ஓர் எண்ணும் போடாமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது: `v` மைனஸ், `m` பிளஸ், `m`-இன் அளவு 1-ஐவிட அதிகம். இந்த மூன்றையும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். விடை வந்த பிறகு இதைப் பார்த்துச் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. வந்த விடைக்கு ஏற்ப மனம் காரணம் தேடிக்கொள்ளும்.

எண்களைப் போடும்போது

எண்ணைக் குறியோடு அடைப்புக்குள் வையுங்கள். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை.

```
u = −12,  f = +20
1/v = 1/f + 1/u
    = 1/(+20) + 1/(−12)
    = 3/60 − 5/60
    = −2/60
v = −30 செ.மீ
m = v/u = (−30)/(−12) = +2.5
```

கடைசி அடியில் இன்னொரு பள்ளம் உண்டு. −2/60 என்பது `1/v`. அதைப் புரட்டிப் போட்டால்தான் `v`. கால்குலேட்டரில் −0.033 என்று வந்ததைப் பிம்பத் தொலைவு என்றே எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. லென்சின் மேலேயே பிம்பம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஒரு விடை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கிராஃப் தாளில் ஒரு படம்

இனிதான் உண்மையான சரிபார்ப்பு. "கதிர்ப்படம் வரைக" என்று கேள்வியில் கேட்டால்தான் வரைவது என்பது பலருக்குப் பழக்கம். எனக்கோ படம் ஒரு சாட்சி. கணக்கில் குறியைத் தவறவிட்ட கையாலும் படத்தில் அதே தவறைச் செய்ய முடியாது. ஏனென்றால் படத்தில் குறியே கிடையாது, இடம்தான் உண்டு.

தாளில் 1 செ.மீ என்பது உண்மையில் 4 செ.மீ என்று அளவுத்திட்டம் வையுங்கள். அப்போது குவியம் லென்சிலிருந்து இருபுறமும் 5 செ.மீ தள்ளி, பொருள் இடப்பக்கம் 3 செ.மீ தள்ளி நிற்கும். பொருளின் உயரத்தைத் தாளில் 2 செ.மீ என்று வைத்துக்கொள்ளலாம். உயரத்துக்கும் நீளத்துக்கும் ஒரே அளவுத்திட்டம் வேண்டியதில்லை. எல்லா உயரத்தையும் ஒரே விகிதத்தில் இழுத்தால் நேர்க்கோடுகள் நேர்க்கோடுகளாகவே இருக்கும், அவை வெட்டிக்கொள்ளும் இடம் கிடைமட்டமாக நகராது. அதனால் உங்களுக்கு வசதியான உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்சைத் தடித்த கண்ணாடி வடிவில் வரைந்து அதன் வளைந்த பரப்பில் கதிரை ஒடிக்காதீர்கள். மையத்தின் வழியாக ஒரு செங்குத்துக்கோடு போதும், கதிர் ஒடிவதெல்லாம் அந்தக் கோட்டில்தான். நாம் பயன்படுத்தும் சமன்பாடு மெல்லிய லென்சுக்கானது. படமும் அப்படியே இருக்க வேண்டும்.

முதல் கதிர்: பொருளின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போய், லென்சுக் கோட்டை 2 செ.மீ உயரத்தில் தொட்டு, அங்கிருந்து வலப்பக்கக் குவியத்தின் வழியாக இறங்குகிறது. இரண்டாம் கதிர்: நுனியிலிருந்து மையத்தின் வழியாக, ஒடியாமல் நேராகப் போகிறது. இரண்டும் வலப்பக்கத்தில் விலகிக்கொண்டே போவது தெரியும். எவ்வளவு தூரம் போனாலும் அங்கே சேராது. பிம்பத் தொலைவு பிளஸ் என்று எழுதியவர் இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

இப்போது இரண்டு கதிரையும் பின்னோக்கி, இடப்பக்கம், புள்ளிக்கோடாக நீட்டுங்கள். லென்சிலிருந்து 7.5 செ.மீ தள்ளி, அச்சுக்கு 5 செ.மீ மேலே அவை வெட்டிக்கொள்ளும். 7.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 30. இடப்பக்கம் என்பதால் −30. உயரம் 2 ஆக இருந்தது 5 ஆகியிருக்கிறது, அதாவது 2.5 மடங்கு. அச்சுக்கு மேலேயே இருப்பதால் பிளஸ். கணக்கு சொன்னதும் படம் சொன்னதும் ஒன்றுதான்.

(தாளில் 7.5 என்று வந்ததும் முதல் நோட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். அது தாளின் அளவு, அதுவும் இடப்பக்கம் என்று உட்கார வைத்தேன். அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுதச் சொல்வது இதற்குத்தான்.)

இணையாக இல்லாத இரண்டு கோடுகள் எப்படி வரைந்தாலும் எங்கேயாவது வெட்டத்தான் செய்யும். ஆகவே இரண்டு கதிரோடு நிறுத்தினால் படம் தப்பாக இருந்தாலும் தெரியாது. மூன்றாவது கதிரை வரையுங்கள். இடப்பக்கக் குவியத்திலிருந்து கிளம்பிப் பொருளின் நுனி வழியாக வருவதுபோல் ஒரு கோடு. நம் படத்தில் அது லென்சுக் கோட்டை 5 செ.மீ உயரத்தில் தொடும். தொட்டபின் அச்சுக்கு இணையாகப் போகும். அந்த இணைகோட்டைப் பின்னால் நீட்டினால், முன்பு கிடைத்த அதே வெட்டுப்புள்ளியின் வழியாகப் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் பென்சில் முனையின் குற்றம். அரை சென்டிமீட்டர் தள்ளிப் போனால் குவியத்தையோ பொருளையோ தப்பான இடத்தில் குறித்திருக்கிறீர்கள்.

எந்தச் சோதனை எதைப் பிடிக்கும்

உருப்பெருக்கத்தை `v` இல்லாமலே காண ஒரு வழி உண்டு:

```
m = f/(f + u) = 20/(20 − 12) = 2.5
```

இது நல்ல சோதனை. பின்னங்களைக் கூட்டுவதிலோ புரட்டிப் போடுவதிலோ தவறு நடந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் இதை முழுதாக நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முதல் நோட்டுக்காரரின் `u = +12`-ஐ இதில் போட்டுப் பாருங்கள்: 20/32 = 0.625. அவருடைய `v/u`, அதாவது 7.5/12-உம் 0.625 தான். இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன, இரண்டுமே தப்பு. தப்பான குறியோடு உள்ளே போன எண்ணை இன்னொரு சூத்திரத்தில் போட்டுச் சரிபார்த்தால் அந்தச் சூத்திரமும் தலையாட்டத்தான் செய்யும். குறியில் நடந்த தவறைப் பிடிக்க, குறியைப் பயன்படுத்தாத சோதனை வேண்டும்.

அதற்கு நான் நாடுவது நியூட்டன் பெயரால் வழங்கும் வடிவம். பொருள் தன் பக்கக் குவியத்திலிருந்து எவ்வளவு தூரம், பிம்பம் மறுபக்கக் குவியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று படத்தில் அளந்து இரண்டையும் பெருக்குங்கள். குவியத் தொலைவின் வர்க்கம் வர வேண்டும். குறி எதுவும் வேண்டாம், வெறும் தூரம் போதும்.

நம் படத்தில் இடக்குவியம் 20-இல், பொருள் 12-இல். இடைவெளி 8. பிம்பம் இடப்பக்கம் 30-இல், வலக்குவியம் வலப்பக்கம் 20-இல். இடைவெளி 50. எட்டு ஐம்பது நானூறு, 20-இன் வர்க்கமும் நானூறு. முதல் நோட்டின் விடையை இதே படத்தில் குறித்தால் பிம்பம் வலப்பக்கம் 7.5-இல், வலக்குவியத்திலிருந்து 12.5 தூரம். எட்டைப் பன்னிரண்டரையால் பெருக்கினால் 100 தான் வருகிறது. பிடிபட்டுவிட்டது. பொருளைக் கேள்வியில் சொன்ன இடத்தில், படத்தில் வைத்து அளந்ததால்தான் பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடவும் விரைவான சோதனை ஒன்று உண்டு. உண்மையான பொருளின் முன் ஒற்றை லென்சு இருக்கும்போது `u` எப்போதும் மைனஸ். `m = v/u` என்பதால் `v`-உம் `m`-உம் எப்போதும் எதிரெதிர்க் குறியில்தான் இருக்கும். `v` பிளஸ் என்றால் `m` மைனஸ், `v` மைனஸ் என்றால் `m` பிளஸ். இரண்டும் ஒரே குறியில் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் திரும்பப் போகலாம்.

இப்போது நோட்டுகளுக்கு வருவோம். முதல் நோட்டில் `v`-உம் `m`-உம் பிளஸ். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் இரண்டுமே மைனஸ். மூன்றும் ஒரே பார்வையில் விழுந்துவிட்டன. தவறுதான் ஆளுக்கு ஒரு விதம். இரண்டாவது நோட்டுக்காரர் எல்லாம் சரியாகப் போட்டு, "தொலைவு எப்படி மைனஸில் இருக்கும்?" என்று கடைசியில் மைனஸை அழித்துவிட்டார். அவர் விடையை இன்னொரு வழியிலும் மடக்கலாம். குவிலென்சில் பொருளுக்கும் மெய்ப்பிம்பத்துக்கும் இடையிலான தூரம் குவியத் தொலைவின் நான்கு மடங்கைவிடக் குறையாது. இங்கே குறைந்தது 80 வேண்டும். 12-உம் 30-உம் சேர்ந்து 42 தான். மூன்றாவது நோட்டில் நடந்தது வேறு. ஆடிக்குரிய `m = −v/u`-ஐ லென்சுக்குப் போட்டுவிட்டார். லென்சுக்கு முன்பே கோள ஆடிகளைப் படித்திருப்பதால் கை அதுவாகவே அந்த மைனஸை எழுதிவிடுகிறது. குழியாடியில் மெய்ப்பிம்பம் ஆடியின் முன்னாலேயே விழுவதால் அங்கே `v`-உம் `m`-உம் ஒரே குறியில் இருக்கும். லென்சில் எதிர்க்குறி, ஆடியில் ஒரே குறி என்று சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிம்பத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்டால்

இதுவரை `u` தெரியும், `v` தெரியாது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் குறி போடும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. குவியத் தொலைவு 24 செ.மீ உள்ள குழிலென்சு, லென்சிலிருந்து 8 செ.மீ தொலைவில் பிம்பத்தை உண்டாக்குகிறது, பொருள் எங்கே என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் 8 என்று கேள்வியில் இருக்காது. குழிலென்சு என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. உண்மையான பொருளுக்குப் பிம்பம் இடப்பக்கம்தான், ஆகவே `v = −8`. `1/u = 1/v − 1/f` என்று எழுதினால் −1/8 + 1/24, அதாவது −2/24. பொருள் −12-இல், உருப்பெருக்கம் +0.67. பிம்பம் நேராக, சிறிதாக, லென்சுக்கும் குவியத்துக்கும் நடுவில். எல்லாம் பொருந்துகிறது. தவறி `v = +8` என்று போட்டிருந்தால் `u = +6` வரும். பொருள் லென்சின் வலப்பக்கம் என்று விடை சொன்னால், நீங்கள் பிம்பத்துக்குப் போட்ட குறியைத்தான் மாற்ற வேண்டும். `u`-வின் பிளஸை அடித்து மைனஸாக்கினால் எண் தப்பாகவே இருக்கும்.

இதைவிட வம்பு பிடித்த வடிவம் ஒன்று: "20 செ.மீ குவியத் தொலைவுள்ள குவிலென்சு மூன்று மடங்கு பெரிய பிம்பத்தைத் தருகிறது." நேரான பிம்பமா, தலைகீழா என்று சொல்லவில்லை. இதற்கு விடை இரண்டு. `m = −3` என்றால் பொருள் −26.67-இல், பிம்பம் +80-இல். `m = +3` என்றால் பொருள் −13.33-இல், பிம்பம் −40-இல். குவியத்திலிருந்து அளந்து பாருங்கள்: இரண்டு நிலையிலும் பொருள் 6.67 தள்ளி, பிம்பம் 60 தள்ளி, பெருக்கினால் 400. ஒரு முறை குவியத்துக்கு வெளியே, ஒரு முறை உள்ளே, அவ்வளவுதான் வித்தியாசம். "திரையில் விழுகிறது" என்ற சொல் கேள்வியில் இருந்தால் மெய்ப்பிம்பம், ஆகவே −3. "லென்சின் வழியே பார்க்கும்போது நேராகத் தெரிகிறது" என்றால் +3. இரண்டும் இல்லை என்றால் இரண்டு விடையையும் எழுதுங்கள். மதிப்பெண் குறைக்க முடியாது.

படம் எங்கே கைவிடும்

பொருள் குவியத்துக்கு மிக அருகில் இருந்தால் படத்தில் எண்ணைத் தேடாதீர்கள். அதே 20 செ.மீ லென்சில் பொருளை 17-இல் வைத்தால் பிம்பம் சுமார் −113-இல். ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி 18-இல் வைத்தால் −180-க்கு ஓடிவிடுகிறது. தாளில் இரண்டு கதிரும் கிட்டத்தட்ட இணையாகப் போகும். வெட்டும் இடம் பென்சில் கோட்டின் தடிப்புக்கே இங்கும் அங்கும் நகரும், பெரும்பாலும் தாளுக்கு வெளியே போய்விடும். அப்போது படத்திடம் எந்தப் பக்கம், நேரா தலைகீழா என்று மட்டும் கேளுங்கள். எண்ணுக்குச் சமன்பாட்டை நம்புங்கள்.

கடைசியாக, "`u` எப்போதும் மைனஸ்" என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கு. இரண்டு லென்சுகள் அடுத்தடுத்து இருக்கும் கணக்கில், முதல் லென்சு கதிர்களை ஒரு புள்ளியை நோக்கிக் குவித்து அனுப்பும். அந்தப் புள்ளியைச் சேருமுன்னே இரண்டாவது லென்சு குறுக்கிட்டால், அதற்குப் பொருள் வலப்பக்கம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை மாயப் பொருள் என்பார்கள். அப்போது `u` பிளஸ். `v`-உம் `m`-உம் எதிர்க்குறி என்ற விரைவுச் சோதனை இங்கே செல்லாது.

இரண்டாவது லென்சின் குவியத் தொலைவு 20 செ.மீ என்றும், முதல் லென்சு அனுப்பும் கதிர்கள் அதற்கு 12 செ.மீ பின்னால் குவிய இருந்தன என்றும் வைத்துப் போட்டுப் பாருங்கள். `u = +12`, `f = +20`. விடை: `v = +7.5`, `m = +0.625`. குவியத்திலிருந்து அளந்தாலும் 32-உம் 12.5-உம், பெருக்கினால் 400. முதல் நோட்டுக்காரரிடம் இதைக் காட்டியபோது, "அப்போ நான் போட்டது சரிதானே சார்?" என்றார். சரிதான், கேள்விதான் வேறு என்றேன்.